இரண்டு நீரூற்றுகள், ஒன்பது கட்டங்கள்

ஒரே பொருளை விற்கும் நிறுவனங்கள் இரண்டே இருந்தால், ஒன்றின் லாபத்தை அதன் முடிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அடுத்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இந்த நிலையை முதன்முதலில் கணிதமாக ஆராய்ந்தவர் பிரெஞ்சுக்காரரான அன்டுவான் ஓகுஸ்டன் கூர்னோ. 1838இல் வெளிவந்த நூலில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எளிமையானது. அருகருகே ஒரே தரமுள்ள இரண்டு கனிமநீர் ஊற்றுகள் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு உரிமையாளர்கள். நீர் தானாகவே சுரப்பதால் உற்பத்திச் செலவு கிடையாது. ஒவ்வொருவரும் சந்தைக்கு எவ்வளவு நீர் அனுப்புவது என்பதை மட்டும் முடிவு செய்கிறார். இருவர் அனுப்பியதும் சேர்ந்து எவ்வளவு என்பதைப் பொறுத்து விலை அமைகிறது.

கூர்னோ இதற்குச் சமன்பாடுகளைக் கொண்டு விடை கண்டார். அதே விடையை ஒரு சிறிய அட்டவணையும் பேனாவும் கொண்டு கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒவ்வொரு நிறுவனத்தின் ‘சிறந்த பதில்’ எது என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு நிறுவனங்களின் குறிகளும் ஒரே கட்டத்தில் விழுந்தால் அதுவே சமநிலை. இருவரில் எவரும், மற்றவர் தன் முடிவை மாற்றாதிருக்கும்போது தான் மட்டும் மாறிக்கொண்டு கூடுதலாக ஒன்றும் பெற முடியாத நிலை அது. எத்தனை பேர் ஆடும் ஆட்டத்துக்கும் பொருந்தும்படி இந்தக் கருத்தை 1950இல் பொதுமைப்படுத்தியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் நாஷ். அதனால் இது நாஷ் சமநிலை எனப்படுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஏதாவது ஒரு தெரிவை உறுதியாக எடுத்து நிற்கும் சமநிலைக்குத் தூய உத்திச் சமநிலை என்று பெயர். அட்டவணையில் குறியிட்டுக் கண்டுபிடிப்பது இந்த வகையைத்தான்.

முதலில் அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்கும்படி எண்களை இப்படி வைத்துக்கொள்ளலாம்: சந்தைக்கு மொத்தம் எத்தனை லிட்டர் வருகிறதோ அதை 120இலிருந்து கழித்தால் ஒரு லிட்டரின் விலை கிடைக்கும். விலை சாந்தீம் என்ற பழைய பிரெஞ்சுக் காசில் இருப்பதாகக் கொள்ளலாம். ஒவ்வோர் உரிமையாளரும் ஒரு நாளைக்கு 30, 40, 60 லிட்டர் ஆகிய மூன்று அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் ஊற்று 30 லிட்டரும் இரண்டாம் ஊற்று 40 லிட்டரும் அனுப்பினால் மொத்தம் 70, விலை 50. முதலாமவருக்கு 30 × 50 = 1500 கிடைக்கும்; இரண்டாமவருக்கு 40 × 50 = 2000. செலவு இல்லை என்பதால் வரவு முழுவதும் லாபமே. இதேபோல ஒன்பது சேர்க்கைகளையும் கணக்கிட்டால் கீழ்க்காணும் அட்டவணை கிடைக்கும். கிடைவரிசைகள் முதல் ஊற்றின் தெரிவுகள். நெடுவரிசைகள் இரண்டாம் ஊற்றின் தெரிவுகள். கட்டத்தின் முதல் எண் முதலாமவரின் லாபம், அடுத்த எண் இரண்டாமவரின் லாபம்.

| முதல் ஊற்று ↓ இரண்டாம் ஊற்று → | 30 | 40 | 60 |
|---|---|---|---|
| 30 | 1800, 1800 | 1500, 2000 | 900, 1800 |
| 40 | 2000, 1500 | 1600, 1600 | 800, 1200 |
| 60 | 1800, 900 | 1200, 800 | 0, 0 |

குறியிடும் வேலை முதல் ஊற்றிலிருந்து தொடங்கட்டும். அதன் உரிமையாளர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: “அவர் 30 லிட்டர் அனுப்பினால் எனக்கு எது நல்லது?” இதற்கு விடை காண, 30 என்ற நெடுவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடலாம். அந்த வரிசையில் மேலிருந்து கீழாக முதல் எண்களை மட்டும் படித்தால் 1800, 2000, 1800. பெரியது 2000. அதன்மேல் ஒரு குறி. அடுத்து, அவர் 40 அனுப்பினால்? முதல் எண்கள் 1500, 1600, 1200. பெரியது 1600, அதற்கு ஒரு குறி. அவர் 60 அனுப்பினால்? 900, 800, 0. இங்கே 900தான் பெரியது. சந்தையை எதிராளி நிரப்பிவிட்ட பிறகு, தன் பங்கைக் குறைத்து விலையைத் தாங்கிப் பிடிப்பதே முதலாமவருக்கு லாபம்.

இனி இரண்டாம் ஊற்று. அதன் உரிமையாளர் தேர்ந்தெடுப்பது நெடுவரிசையை. எனவே அவருடைய ஒப்பீடு ஒரு கிடைவரிசைக்குள் இடமிருந்து வலமாக, கட்டங்களின் இரண்டாவது எண்களுக்கிடையே நடக்கும். முதலாமவர் 30 அனுப்பும் வரிசையில் இரண்டாவது எண்கள் 1800, 2000, 1800, குறி 2000க்கு. 40 வரிசையில் 1500, 1600, 1200, குறி 1600க்கு. 60 வரிசையில் 900, 800, 0; குறி 900க்கு. எல்லாக் குறிகளையும் இட்ட பிறகு அட்டவணை இப்படி இருக்கும்:

| முதல் ஊற்று ↓ இரண்டாம் ஊற்று → | 30 | 40 | 60 |
|---|---|---|---|
| 30 | 1800, 1800 | 1500, 2000★ | 900★, 1800 |
| 40 | 2000★, 1500 | 1600★, 1600★ | 800, 1200 |
| 60 | 1800, 900★ | 1200, 800 | 0, 0 |

இரண்டு எண்களிலும் குறி உள்ள கட்டம் நடுவில் இருப்பது ஒன்றுதான். ஆகவே இந்த ஆட்டத்தில் தூய உத்திச் சமநிலை ஒன்றே ஒன்று: இருவரும் 40 லிட்டர் அனுப்புவது. சமநிலையைச் சொல்லும்போது தெரிவுகளைத்தான் சொல்ல வேண்டும்; 1600, 1600 என்பது அந்தத் தெரிவுகளால் கிடைக்கும் பலன். இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதால் தேர்வுகளில் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

அதைவிடப் பெரிய தவறு திசையை மாற்றிவிடுவது. முதல் நிறுவனத்துக்குக் கிடைவரிசை சொந்தம் என்பதால், அந்த வரிசையிலேயே பெரிய எண்ணைத் தேடத் தோன்றும். ஆனால் ஒரு கிடைவரிசைக்குள் இடமும் வலமும் நகர்வது முதல் நிறுவனத்தின் கையில் இல்லை. அது எதிராளியின் முடிவு. முதலாமவரால் தன் விருப்பப்படி மேலும் கீழும் மட்டுமே நகர முடியும். ஆகவே அவருடைய எண்களை ஒப்பிட வேண்டியதும் மேலும் கீழுமாகத்தான். திசை மாறிப்போனதைக் குறிகளை எண்ணிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு நெடுவரிசையிலும் முதல் நிறுவனத்தின் குறி குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு கிடைவரிசையிலும் இரண்டாம் நிறுவனத்தின் குறி குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். ஏதாவது ஒரு வரிசை குறியில்லாமல் விடுபட்டிருந்தால் வேலை முடியவில்லை, அல்லது தவறான திசையில் நடந்திருக்கிறது. இந்த ஊற்றுகளைப் போல இரு நிறுவனங்களும் ஒரே நிலையில் இருக்கும் அட்டவணையில் இன்னொரு சோதனையும் உண்டு. குறிகள் மூலைவிட்டத்தின் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல் அமைய வேண்டும்.

இடதுமேல் மூலைக் கட்டம் பலருடைய கண்ணை உறுத்தும். இருவரும் 30 லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் இருவருக்கும் 1800 கிடைக்கிறதே, அது 1600ஐ விட இருவருக்குமே நல்லதல்லவா? நல்லதுதான். ஒரே நிறுவனம் இரண்டு ஊற்றுகளையும் வைத்திருந்தால் மொத்தம் 60 லிட்டர் விற்று 3600 லாபம் எடுத்திருக்கும். அதைச் சரிபாதியாகப் பிரித்த கட்டம் அது. ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு குறிகூட இல்லை. அடுத்தவர் 30இல் நிற்கிறார் என்று தெரிந்தால், 40 லிட்டர் அனுப்புபவருக்கு 2000 கிடைக்கும். இந்த ஆசை இருவருக்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. இருவரும் பேசி வைத்துக்கொண்டாலும், பேச்சை மீறுபவருக்கு 200 கூடுதல் கிடைப்பதை அட்டவணை காட்டுகிறது. இரண்டு எண்களையும் கூட்டி, கூட்டுத்தொகை அதிகமாக உள்ள கட்டத்தைச் சமநிலை என்று எழுதுவது இதனால்தான் தவறாகிறது. கூட்டுத்தொகையைப் பெறுகிற ஆள் யாரும் இந்த ஆட்டத்தில் இல்லை. அவரவர் தம் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த அட்டவணையிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. முதலாமவரின் குறிகள் ஒரே கிடைவரிசையில் இல்லை. எதிராளி 30 அல்லது 40 அனுப்பினால் அவருக்குச் சிறந்தது 40. எதிராளி 60 அனுப்பினால் சிறந்தது 30. எதிராளி என்ன செய்தாலும் எப்போதும் மேலானது என்று சொல்லத்தக்க தெரிவு எவருக்கும் இல்லை. அப்படியொரு தெரிவு இருந்தால் அந்த நிறுவனத்தின் குறிகள் அத்தனையும் ஒரே வரிசையில் நேராக நிற்கும். சமநிலை கிடைத்துவிட்டது என்பதாலேயே இருவருக்கும் மேலோங்கிய உத்தி இருப்பதாக எழுதிவிடக் கூடாது.

அட்டவணைக்கு ஓர் எல்லை உண்டு. அதில் எழுதிய தெரிவுகளைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. 40 லிட்டர் என்ற தெரிவை நீக்கி அந்த இடத்தில் 45 லிட்டரை வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது பயனுள்ள பயிற்சி. ஊற்றுகள் அவையே, சந்தையும் அதுவே, விலை விதியும் மாறவில்லை.

| முதல் ஊற்று ↓ இரண்டாம் ஊற்று → | 30 | 45 | 60 |
|---|---|---|---|
| 30 | 1800, 1800 | 1350★, 2025★ | 900★, 1800 |
| 45 | 2025★, 1350★ | 1350★, 1350★ | 675, 900 |
| 60 | 1800, 900★ | 900, 675 | 0, 0 |

நடு நெடுவரிசையில் முதலாமவரின் எண்கள் 1350, 1350, 900. எதிராளி 45 லிட்டர் அனுப்பும்போது 30 அனுப்பினாலும் 45 அனுப்பினாலும் அவருக்கு ஒரே லாபம். இப்படிச் சமன் வந்தால் இரண்டுக்கும் குறியிட வேண்டும். சிறந்த பதில் என்றால் அதைவிட அதிகம் தரக்கூடியது வேறில்லை என்பதே பொருள். அது தனித்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இதன்படி குறியிட்டால் சமநிலைகள் மூன்று: இருவரும் 45; முதலாமவர் 30, இரண்டாமவர் 45; முதலாமவர் 45, இரண்டாமவர் 30. சமன் வந்த இடத்தில் ஒன்றுக்கு மட்டும் குறியிட்டு நகர்ந்துவிட்டால் இவற்றில் ஒன்றோ இரண்டோ காணாமல் போகும். எது போகிறது என்பது எதை முதலில் பார்த்தோம் என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

சந்தை அதுவேயாக இருக்க, சமநிலை ஒன்றிலிருந்து மூன்றாகப் பெருகியது எப்படி? எழுதி வைத்த தெரிவுகளுக்கிடையே உள்ள இடைவெளிதான் காரணம். எந்த அளவையும் அனுப்பலாம் என்றால், எதிராளி அனுப்பும் அளவை 120இலிருந்து கழித்து வரும் மிச்சத்தில் பாதியே சிறந்த பதில். எதிராளி 45 அனுப்பினால் மிச்சம் 75, அதில் பாதி 37.5. 30உம் 45உம் இந்த 37.5க்கு இருபுறமும் சம தூரத்தில் நிற்பதால்தான் லாபம் சமமானது. இரண்டாம் அட்டவணையில் 40ஐயும் நான்காவது தெரிவாகச் சேர்த்துப் பார்த்தால் இது உறுதியாகும். 45க்கு எதிராக 40 அனுப்பினால் கிடைப்பது 40 × 35 = 1400. அது 1350ஐ மிஞ்சுகிறது. பழைய சமன் கலைகிறது, மூன்று சமநிலைகளும் மறைகின்றன, இருவரும் 40 என்ற ஒன்றே மிஞ்சுகிறது. கூர்னோவின் சமன்பாடு தருவதும் இதே 40தான்: 120 கழித்தல் 40 என்றால் 80, அதில் பாதி 40. தன் பதிலுக்குத் தானே பதிலாக நிற்கும் எண் அது. விலை, அளவு போன்ற தொடர்ச்சியான முடிவுகளை மூன்று நான்கு தெரிவுகளாகச் சுருக்கிய எந்த அட்டவணையிலும் சமன் தென்பட்டால், இடையில் ஒரு தெரிவைச் சேர்த்து மறுபடி குறியிட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட சமநிலைகள் எப்போதும் சுருக்கத்தின் விளைவாக வருபவை அல்ல. ஆட்டத்தின் இயல்பிலேயே அவை இருக்கலாம். இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் விமானத் தொழிலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் போயிங், ஐரோப்பாவின் ஏர்பஸ் ஆகிய இரண்டும் ஒரு புதிய விமானத்தைத் தயாரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கின்றன. அதை உருவாக்க ஆகும் செலவு மிகப் பெரியது. ஒரு நிறுவனம் மட்டும் இறங்கினால் கொள்ளை லாபம், இரண்டும் இறங்கினால் இரண்டுக்கும் நட்டம். ஜேம்ஸ் பிராண்டர், பார்பரா ஸ்பென்சர் ஆகிய பொருளியலாளர்கள் 1980களில் உருவாக்கிய வாதத்தை விளக்க, பால் க்ரூக்மேனும் மாரிஸ் ஆப்ஸ்ட்ஃபெல்டும் தங்கள் பன்னாட்டுப் பொருளியல் பாடநூலில் இந்த அட்டவணையைப் பயன்படுத்தினார்கள். எண்கள் கற்பனையானவை, நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவை அல்ல.

| போயிங் ↓ ஏர்பஸ் → | தயாரிக்கும் | தயாரிக்காது |
|---|---|---|
| தயாரிக்கும் | −5, −5 | 100★, 0★ |
| தயாரிக்காது | 0★, 100★ | 0, 0 |

ஏர்பஸ் தயாரித்தால் போயிங்குக்கு −5ஐ விட 0 மேல். ஏர்பஸ் ஒதுங்கினால் 0ஐ விட 100 மேல். ஏர்பஸுக்கும் அப்படியே. சமநிலைகள் இரண்டு, ஒன்றில் போயிங் மட்டும், மற்றொன்றில் ஏர்பஸ் மட்டும். இரண்டில் எது நடக்கும் என்பதைக் குறிகளால் சொல்ல முடியாது. யார் முந்திக்கொண்டு களத்தில் இறங்கினார் என்பது போன்ற அட்டவணைக்கு வெளியே உள்ள செய்திகள்தான் அதைத் தீர்மானிக்கும்.

இப்போது ஐரோப்பிய அரசுகள், ஏர்பஸ் தயாரித்தால் 25 மானியம் தருவதாக அறிவிக்கின்றன என்று கொள்ளலாம். ஏர்பஸ் தயாரிக்கும் நெடுவரிசையில் அதன் எண்கள் மட்டும் மாறுகின்றன: −5 என்பது 20 ஆகிறது, 100 என்பது 125 ஆகிறது.

| போயிங் ↓ ஏர்பஸ் → | தயாரிக்கும் | தயாரிக்காது |
|---|---|---|
| தயாரிக்கும் | −5, 20★ | 100★, 0 |
| தயாரிக்காது | 0★, 125★ | 0, 0 |

போயிங்கின் எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. அதன் குறிகளும் பழைய இடங்களிலேயே இருக்கின்றன. ஆயினும் போயிங் மட்டும் தயாரிக்கும் சமநிலை இல்லாமல் போய்விட்டது. இடம் மாறியது ஏர்பஸின் ஒரே ஒரு குறி. போயிங் தயாரித்தாலும் தயாரிக்காவிட்டாலும் ஏர்பஸுக்குத் தயாரிப்பதே மேல் என்றானதால் அதன் குறிகள் ஒரே நெடுவரிசையில் வந்து நின்றுவிட்டன. அது தெரிந்த போயிங் ஒதுங்கிக்கொள்கிறது. கொடுத்த மானியம் 25, ஏர்பஸின் லாபம் 125. மானியம் லாபத்தை அந்த அளவுக்கு உயர்த்தியது பணத்தால் அல்ல, எதிராளியை வெளியேற்றியதால்.

மானியம் 25க்குப் பதிலாகச் சரியாக 5 என்றால்? அப்போது போயிங்கும் தயாரிக்கும் கட்டத்தில் ஏர்பஸின் எண் −5இலிருந்து 0 ஆகும். ஒதுங்கினாலும் 0தான். சமன் வந்துவிட்டதால் இரண்டுக்கும் குறி. ஆகவே ஏர்பஸ் ஒதுங்கி போயிங் மட்டும் தயாரிக்கும் கட்டம் தன் இரண்டு குறிகளையும் இழக்கவில்லை. பழைய சமநிலை அப்படியே நீடிக்கிறது. மானியம் 5ஐத் தாண்ட வேண்டும். சமன் வந்த இடத்தில் குறியிடத் தவறியவர், 5 போதும் என்ற தவறான முடிவுக்கு வந்திருப்பார்.

இந்த வாதத்தின் பலவீனமும் அதே அட்டவணையிலேயே இருக்கிறது. க்ரூக்மேனே அதைச் சுட்டிக்காட்டியவர். இருவரும் தயாரித்தாலும் போயிங்குக்கு −5 அல்லாமல் 5 லாபம் வரும் என்று வைத்தால், போயிங்கின் குறி மேல் கட்டத்துக்கு ஏறிவிடும். அப்போது மானியம் எவ்வளவு கொடுத்தாலும் போயிங் வெளியேறாது. இருவரும் தயாரிப்பதே சமநிலையாகிவிடும். 10 அலகு பிசகினால் முடிவு தலைகீழாகிறது. நிறுவனங்களின் உண்மையான லாப நட்டம் அவ்வளவு துல்லியமாக எந்த அரசுக்கும் தெரியாது.

இரண்டு குறி பெற்ற கட்டமே இல்லாத அட்டவணைகளும் உண்டு. சந்தையில் பெயர் பெற்ற ஒரு நிறுவனம், அதன் பொட்டலத்தைப் போலவே தயாரித்து வாடிக்கையாளரைக் குழப்பி விற்கும் இன்னொரு நிறுவனம் என்று இருவர். இருவரும் சிவப்பு, நீலம் ஆகிய இரு நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறம் ஒன்றானால் பெயர் பெற்றவருக்கு 4, போலிக்காரருக்கு 6. வேறானால் பெயர் பெற்றவருக்கு 8, போலிக்காரருக்கு 2.

| பெயர் பெற்றவர் ↓ போலிக்காரர் → | சிவப்பு | நீலம் |
|---|---|---|
| சிவப்பு | 4, 6★ | 8★, 2 |
| நீலம் | 8★, 2 | 4, 6★ |

நான்கு குறிகளும் நான்கு கட்டங்களில் ஒவ்வொன்றாகச் சிதறிவிட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் நிம்மதியாக இருக்க, மற்றவர் மாறத் துடிக்கிறார். அவர் மாறிய கட்டத்தில் இவருக்கு நிம்மதி போகிறது. இப்படிக் குறிகள் அமைந்தால் தூய உத்திச் சமநிலை இல்லை என்று எழுதுவதே சரியான விடை. ஏதாவது ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. தெரிவுகள் எண்ணிக்கையில் அடங்கும் எந்த ஆட்டத்திலும், தெரிவுகளை நிகழ்தகவோடு கலக்க அனுமதித்தால் சமநிலை ஒன்றாவது கட்டாயம் உண்டு என்று நாஷ் நிறுவினார். இந்த ஆட்டத்தில் அது, இருவரும் இரண்டு நிறங்களையும் சம வாய்ப்போடு எடுப்பது. அப்போது பெயர் பெற்றவருக்குச் சராசரியாக 6 கிடைக்கும், போலிக்காரருக்கு 4. அந்த விடையைக் குறியிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எதிராளிக்கு இரண்டு தெரிவுகளும் ஒரே பலனைத் தரும்படி நிகழ்தகவுகளைச் சமன்பாட்டில் வைத்துத் தீர்க்க வேண்டும்.